நொடிக் கணக்கை மணி, நிமிடமாக மாற்றும்போது செய்யக்கூடாதவை

ஓட்டப் போட்டிகளில் சிப் கருவி தருவது வெறும் நொடிகள்தான். அதை எக்செலில் கொட்டி நேரப் பட்டியல் ஆக்கும் வேலையைப் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1, அதனால் நொடியை 86400-ஆல் வகுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

24 மணி நேரத்தைத் தாண்டும் கூட்டுத்தொகை

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு குழுப் போட்டியில் ஆறு பேர் ஆளுக்கு ஒரு மாரத்தான் ஓடினார்கள், மொத்தம் 93784 நொடி. பட்டியல் போட்ட தம்பி சரியாகத்தான் வகுத்திருந்தார், ஆனால் செல்லுக்கு `hh:mm:ss` என்று வடிவம் கொடுத்துவிட்டார். வந்தது 02:03:04. உண்மையான விடை 26:03:04. `hh` என்பது கடிகார மணி, 24 ஆனதும் மறுபடி சுழியத்துக்குப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. சான்றிதழ் அச்சாகி வந்தபிறகுதான், ஆறு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் எப்படி முடித்தார்கள் என்று ஒருவர் கேட்டார்.

மணிக்குச் சதுர அடைப்புக்குறி போட்டால் போதும். Ctrl+1 அழுத்தி, Custom போய் இதை எழுதுங்கள்:

```
[h]:mm:ss
```

கூகுள் ஷீட்ஸில் Format, Number, Duration. சந்தேகம் இருந்தால் செல்லின் வடிவத்தை Number ஆக்கிப் பாருங்கள், இங்கே 1.09 என்று காட்டும். 1-க்கு மேல் இருந்தால் ஒரு நாளைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை திரையில் தெரிவது மட்டும்தான் தப்பு, உள்ளே மதிப்பு சரியாகவே இருக்கிறது. கோப்பை CSV ஆகச் சேமித்தீர்களோ, கதை முடிந்தது. அதில் போவது திரையில் தெரியும் எழுத்துதான், அந்த 24 மணி நேரம் நிஜமாகவே தொலைந்துவிடும், திறந்து பார்த்தால் 2 மணியா 26 மணியா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மூல நொடிப் பத்தியை நான் எப்போதும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

59:60

மணி, நிமிடம், நொடி மூன்றையும் தனித்தனிப் பத்தியில் பிரித்து, கடைசியில் நொடியை மட்டும் முழு எண்ணாக்கினால் 3599.7 என்பது 0:59:60 ஆகிவிடும். பிரிப்பதற்கு முன்பே முழு எண்ணாக்குங்கள். சாலை ஓட்டம் என்றால் ROUND வேண்டாம், ROUNDUP போடுங்கள், ஏனென்றால் உலகத் தடகள விதிப்படி மீதமுள்ள பின்னம் அடுத்த நொடிக்கு ஏற வேண்டும்: 2:09:44.32 என்பது 2:09:45.

```
=ROUNDUP(A2,0)/86400
```

TEXT ஃபார்முலா

நொடியை TEXT போட்டு மணி, நிமிடமாக மாற்றினால் செல்லில் வருவது எழுத்து, எண் அல்ல. அந்தப் பத்திக்கு SUM போட்டால் 0 வரும்.