தமிழ்க் குரல் தட்டச்சு: ‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால் புள்ளி விழாதபோது

கூகுள் டாக்ஸில் ஆங்கிலத்தில் பேசி எழுதிப் பழகியவர்கள் தமிழுக்கு மாறியதும் செய்கிற முதல் தவறு, குறியின் பெயரைச் சொன்னால் குறியே விழும் என்று நம்பிப் பக்கக்கணக்கில் பேசிவிடுவதுதான். அந்த வசதி ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில மொழிகளுக்கே உண்டு; தமிழில் சொன்ன பெயர் சொல்லாகவே பதிவாகும். ஆகவே இரண்டு வரி பேசித் திரையைப் பார்த்துவிட்டே தொடர வேண்டும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்பு ஒன்றை இப்படிச் சொல்லி எழுதியதாகக் கொள்வோம்:

```
தொட்டி கமா மோட்டார் கமா பில் பற்றிப் பேசிப் பழைய தகராறுக்கு முற்றுப்புள்ளி வைத்தோம் முற்றுப்புள்ளி
```

இதைத் திருத்த `Ctrl+H` அழுத்தி, எல்லா ‘முற்றுப்புள்ளி’களையும் ஒரே அடியாகப் புள்ளியாக்குவது இரண்டாவது தவறு. அப்படிச் செய்தால் ‘தகராறுக்கு . வைத்தோம் .’ என்று பொருளே சிதைந்துவிடும். புள்ளிக்கு முன்னால் வேண்டாத இடைவெளியும் நின்றுவிடும். தேடும் சொல்லுக்கு முன்னுள்ள இடைவெளியையும் சேர்த்துத் தேடி, ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு. ‘கமா’வுக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டுத் தேட வேண்டும், இல்லையென்றால் ‘கமாண்டர்’ என்ற சொல்லின் தலை வெட்டுப்பட்டு ‘,ண்டர்’ என்று நிற்கும். ‘ஃபுல் ஸ்டாப்’ என்று சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை; அது ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் வேறோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் விழக்கூடும் என்பதால், ஒரே தேடலில் அகப்படாது.

ஆங்கிலச் சொற்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘பில்’ என்று நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆனால் ஒரே பக்கத்திலேயே அது ‘பில்’ என்றும் `bill` என்றும் வரக்கூடும். தனிச்சொல்லாக இருந்தால் மாற்றிவிடலாம். வேற்றுமை உருபு சேரும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ‘பில்லை’ என்று சொன்னது `bill ஐ` என்று பிரிந்து விழுந்திருந்தால், `bill` என்பதை மட்டும் ‘பில்’ ஆக்குவதால் ‘பில் ஐ’ என்பதுதான் மிஞ்சும், ஏனெனில் தமிழ் இலக்கணப்படி அங்கே லகரம் இரட்டிக்க வேண்டும் என்பது தேடி மாற்றும் கருவிக்குத் தெரியாது. அவ்வாறே `meeting ல` என்பது ‘மீட்டிங்கில்’ ஆவதற்கு ககரம் தோன்ற வேண்டும். இவற்றைக் கையால்தான் சேர்க்க முடியும்.

இத்தகைய இடங்களைக் கண்ணால் தேடினால் நிச்சயம் சில தப்பிவிடும். அதே `Ctrl+H` பெட்டியில், எழுத்து வகையைச் சொல்லித் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரிவை இயக்கிக்கொண்டு இதைக் கொடுத்தால், ஆங்கில எழுத்துள்ள சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்:

```
[A-Za-z]+
```

ஆனால் தமிழ் எழுத்திலேயே தவறாக விழுந்தவை இதில் சிக்கா; ‘ஃபைல்’ ஓரிடத்தில் ‘பைல்’ என்று பதிவாகியிருந்தால் அதைத் தனியே தேட வேண்டும். பேசத் தொடங்கும் முன்பே, அடிக்கடி வரப்போகும் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு எந்த எழுத்து, எந்த வடிவம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டவருக்கு இந்தத் தேடல் விரைவில் முடிந்துவிடும்.