கடன் தவணையோடு சேர்ந்து போகும் சின்னத் தொகை: கேட்காத காப்பீட்டைக் கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி?

பெங்களூரில் லீஸுக்கு வீடு பிடித்தவர்களுக்குத் தெரியும், கடைசி இரண்டு மூன்று லட்சம்தான் உதைக்கும். அல்சூரில் வீடு எடுக்க எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு கடன் நிறுவனத்தில் மூன்று லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன். வட்டி 14 சதவீதம், 36 மாதம், தவணை 10,253 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்.

அதே 5ஆம் தேதி இன்னொரு 386 ரூபாயும் போய்க்கொண்டிருந்தது. வருமான வரிக் கணக்குக்காக வங்கி அறிக்கையை எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தேடிப்பார்த்தால், கடனோடு சேர்த்து என் தலையில் கட்டிய மருத்துவமனைப் படிக் காப்பீடு: மருத்துவமனையில் படுத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய். நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. அதை நிறுத்தி, கட்டிய பணத்தையும் திரும்பப் பெற்ற வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் கணக்கிலும் தவணைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தொகை தெரிந்தால் இதே வரிசையில் போங்கள். வரிசையை மாற்றினால் சிக்கல்.

படி 1: கணக்கு அறிக்கை

கைபேசிச் செயலியில் தெரியும் பட்டியலை நம்பாதீர்கள். அது விவர வரியைப் பாதியில் வெட்டிவிடுகிறது. நெட் பேங்கிங்கில் கடன் வாங்கிய மாதத்திலிருந்து இன்று வரையிலான அறிக்கையைப் பி.டி.எஃப். ஆக இறக்கி, கணினியில் திறந்து, Ctrl+F அழுத்தி அந்தத் தொகையைத் தேடுங்கள். என் அறிக்கையில் 14 இடங்களில் 386 இருந்தது. மொத்தம் 5,404 ரூபாய். ஒவ்வொரு வரியும் `ACH D` என்று தொடங்கியது. முன்பே கொடுத்த அனுமதியின் பேரில் வேறொரு நிறுவனம் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் பணம் என்பதற்கு அதுதான் அடையாளம். வங்கி தன் சொந்தக் கட்டணமாகப் பிடித்திருந்தால் அப்படி வராது.

படி 2: எந்த அனுமதியின் பேரில் போகிறது?

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

தானாகப் பணம் எடுக்கும் ஒவ்வொரு அனுமதிக்கும் மேண்டேட் என்று பெயர். பழைய பழக்கத்தில் வங்கிக்காரர்கள் இன்னும் இ.சி.எஸ். என்றே சொல்வார்கள். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் `UMRN` என்ற 20 இலக்க அடையாளம் உண்டு; எண்களும் எழுத்துகளும் கலந்திருக்கும். நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலைத் திறந்தேன். கடன் நிறுவனத்தின் பெயரிலேயே இரண்டு இருந்தன. ஒன்றில் 15,000, மற்றதில் 1,000. என் தவணையான 10,253 எங்கும் இல்லை, 386ஐயும் காணவில்லை.

காரணம் இதுதான்: மேண்டேட்டில் தெரியும் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆக, 1,000 ரூபாய் மேண்டேட்டில்தான் 386 போகிறது என்று தோன்றும். ஆனால் 15,000 மேண்டேட்டின் வரம்புக்குள்ளும் அது அடங்கும். தவணைக்கான மேண்டேட்டிலேயே பிரீமியத்தையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மேண்டேட்டை நீங்கள் ரத்து செய்தால், அடுத்த 5ஆம் தேதி கடன் தவணையே தவறிப்போகும். தாமதக் கட்டணம் விழும், கடன் மதிப்பெண்ணில் கறை விழும்.

என் வங்கிக் கிளையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தை நீட்டி, "நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் மேடம், மொத்தமாக நிறுத்திவிடலாம்" என்றார். மொத்தமாக நிறுத்தினால் தவணையும் நிற்கும் என்று நான் சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தேதியில், இந்தக் குறிப்பு எண்ணோடு போன 386 ரூபாய் எந்த `UMRN` மூலம் எடுக்கப்பட்டது?" பதிலை வாயால் வாங்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள். எனக்கு வந்த பதிலில் இருந்தது 1,000 ரூபாய் மேண்டேட். தவணை பத்திரம்.

தெரிந்த உடனே அதை ரத்து செய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பணம் நின்றால் காப்பீடு காலாவதியாகும், அவ்வளவுதான். இதுவரை பிடித்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. கணக்கில் பணம் இல்லாமல் வைத்துத் திருப்பி அனுப்பலாம் என்பது அதைவிட மோசமான யோசனை. அதற்கு வங்கி தனியாக அபராதம் பிடிக்கும்.

படி 3: காகிதங்கள்

மின்னஞ்சலில் `Key Fact Statement`, `Certificate of Insurance` என்று இரண்டையும் தேடுங்கள்.

முதலாவது, கடனின் முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு இதைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கட்டணங்கள் பகுதியில் காப்பீட்டுக்கென்றே ஒரு வரி உண்டு. ஒரு முறை பிடிப்பதா, தொடர்ந்து பிடிப்பதா என்றும் அதில் குறிப்பிட வேண்டும். இந்த அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் காலம் முழுவதும் எப்போதும் வசூலிக்கக் கூடாது. என் அறிக்கையில் அந்த வரி காலியாக இருந்தது.

இரண்டாவது, காப்பீட்டுச் சான்றிதழ். இது குழுக் காப்பீடு. மூலப் பாலிசி கடன் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நாம் அதில் ஓர் உறுப்பினர், நமக்கு வருவது சான்றிதழ் மட்டும். என் சான்றிதழ், கடன் கைக்கு வந்த வாரத்தில் வந்த மின்னஞ்சலில் ஏழெட்டு இணைப்புகளுக்கு நடுவே இருந்தது.

அதை வரி விடாமல் படியுங்கள். வாரிசு என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர். வயது இருக்க வேண்டிய இடம் வெறுமை. அதற்குக் கீழே உடல்நல உறுதிமொழி: "எனக்கு எந்த நோயும் இல்லை, தொடர்ந்து எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை" என்று நானே சொன்னது போல் ஒரு வாசகம், பக்கத்தில் ஒரு டிக் குறி. எனக்குப் பல வருடமாகத் தைராய்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன். யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அந்த டிக் அங்கே விழுந்திருக்காது. இன்னொன்றும் இருக்கிறது: நாளைக்கே நான் மருத்துவமனையில் படுத்து, நாள்படி கேட்டிருந்தால், நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க அவர்களுக்கு இதே வரி போதும். பிரீமியமும் போய், படியும் கிடைக்காமல் நிற்பேன்.

படி 4: கடிதம்

தொலைபேசியில் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடனை முடித்துக்கொடுத்த தம்பியைக் கூப்பிட்டேன். "அது கடனோடு வருவதுதான் அக்கா, எல்லாருக்கும் உண்டு" என்றான். எல்லாருக்கும் கட்டாயம் என்று எழுதித் தரச் சொன்னேன். அதன் பிறகு அவன் எடுக்கவில்லை. காப்பீடு எடுப்பது கடன் வாங்குபவரின் விருப்பம் என்பதால் அப்படி யாரும் எழுதித் தரவும் மாட்டார்கள்.

கடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு நகல். கடன் எண், சான்றிதழ் எண், `UMRN`, பிடித்த தேதிகள், மொத்தத் தொகை எல்லாம் இருக்கட்டும். மூன்று கோரிக்கை போதும். காப்பீட்டை ரத்து செய்யுங்கள். நான் சம்மதித்ததற்கான ஆதாரத்தை அனுப்புங்கள்: கையெழுத்திட்ட படிவம், ஓ.டி.பி. பதிவு, குரல் பதிவு, எது இருக்கிறதோ அது. ஆதாரம் இல்லையென்றால் பிடித்த முழுத் தொகையையும் திருப்புங்கள்.

இரண்டாவது கோரிக்கையை விட்டுவிட்டால், "இத்தனை மாதமும் உங்களுக்குப் பாதுகாப்பு இருந்ததே, அதற்குரிய பிரீமியம் திரும்பாது" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். எனக்கு வந்த முதல் பதிலும் அதுதான்: அடுத்த மாதத்திலிருந்து நிறுத்துகிறோம், பழையது கிடையாது. சம்மத ஆதாரம் என்று அவர்கள் அனுப்பியது, நான் கடனுக்காகக் கொடுத்த ஓ.டி.பி.யின் பதிவு. மறுபதிலில் தைராய்டு மருந்துச் சீட்டின் நகலை இணைத்து, அந்த உறுதிமொழியைச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வாதாடவில்லை.

ரத்துக் கடிதம் கைக்கு வந்த பிறகே வங்கியில் 1,000 ரூபாய் மேண்டேட்டை நிறுத்தினேன். அதற்குள் அந்த மாதத்து வசூல் கோப்பு முன்கூட்டியே போய்விட்டதால் இன்னொரு 386 பிடிக்கப்பட்டது. ஆகவே திரும்பி வர வேண்டியது 15 மாதத்துக்கு 5,790 ரூபாய். அது முழுதும் வந்தது. உங்களுக்கும் கடைசிப் பிடித்தம் இப்படி நழுவக்கூடும், கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு முதலில் எழுதிய மின்னஞ்சல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மேல் மட்டும் புகார் என்றால் அதற்குப் பீமா பரோசா தளம்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மும்பை செம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் கணக்கில் மாதாமாதம் தனியாக எதுவும் போகவில்லை. ஆனால் மூன்று லட்சம் கேட்டவருக்குக் கடன் 3,09,600 என்று பதிவாகியிருக்கிறது. கைக்கு வந்தது மூன்று லட்சம். மீதி 9,600 ரூபாய், ஒரே தவணையாகக் கட்டும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம். அதையும் கடனாகவே கொடுத்திருக்கிறார்கள். என் வட்டியும் காலமும் அவருக்கும் அதே என்பதால் கணக்கு எளிது: மாதம் 328 ரூபாய் கூடுதல், 36 மாதத்தில் ஏறக்குறைய 11,800. அதாவது பிரீமியத்துக்கு மேல் 2,200 ரூபாய் வட்டி. இந்த வகையை வங்கி அறிக்கையில் தேடினால் கிடைக்காது, தவணைக்குள்ளேயே கரைந்திருக்கும். அனுமதிக் கடிதத்தில் உள்ள கடன் தொகையையும் கணக்கில் வரவான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தில் செயலாக்கக் கட்டணம் போக மீதி எங்கே போனது என்று கேளுங்கள்.

அவருடைய சான்றிதழில், கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம் எனப் போட்டிருந்தது. நாள் இன்னும் மிச்சம் இருந்ததால் காரணம் கேட்காமலே ரத்து செய்துவிட்டார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் வற்புறுத்திச் சொன்னேன். திரும்பும் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வாங்கிச் செலவழித்துவிட்டால், கடனில் அந்த 9,600க்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடனின் அசலில் வரவு வைத்து, புதிய தவணை அட்டவணையை அனுப்பும்படி கேட்க வேண்டும். அட்டவணை வந்ததும் தவணை 10,581லிருந்து குறைந்திருக்கிறதா, அல்லது மாதங்களாவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் குறையவில்லையென்றால் வரவு வைக்கவில்லை என்று பொருள்.