கண்ணில் படாதவரை மதிப்பிடும்போது நடக்கும் தவறுகள்

எங்கள் குழுவில் ஏழு பேர். ஆறு பேர் சென்னை அலுவலகத்தில் என் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் மட்டும் தென்காசியிலிருந்து வேலை செய்தார். வங்கிக் கணக்கையும் எங்கள் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நிரல் அவர் பொறுப்பு. ஆண்டு மதிப்பீடு எழுத உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றரைப் பக்கம் தானாக வந்தது. தென்காசிக்காரருக்கு வந்ததோ மூன்றே வரி: "நல்ல உழைப்பாளி. வேலையை நேரத்தில் முடிக்கிறார். மற்றவர்களோடு இன்னும் கலந்து பழக வேண்டும்."

அந்த மூன்று வரியைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. நான் அவருடைய வேலையை எழுதவில்லை, என் நினைவில் இருந்ததை எழுதியிருக்கிறேன். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நினைவு சம்பவங்களைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். நள்ளிரவில் சர்வர் விழுந்ததும், ஒருவர் ஓடி வந்து அதை எழுப்பியதும் மறக்காது. ஆனால் நல்ல வேலை பல நேரங்களில் சம்பவமே நடக்காமல் செய்துவிடுகிறது. இரவுதோறும் ஓடும் அந்தக் கணக்குச் சரிபார்ப்புக்கு முன்பெல்லாம் நான்கு மணி நேரம் ஆகும். மாதம் இரண்டு மூன்று முறை பாதியில் நின்றுவிடும், யாராவது தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும். ஜூலையில் அவர் அதை மாற்றி எழுதினார். பிறகு நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை அதற்காக ஒரு அழைப்புகூட வரவில்லை. அழைப்பு வராத எட்டு மாதம் என் நினைவில் எந்தத் தடமும் பதிக்கவில்லை. அழைப்புப் பதிவேட்டைத் திறந்து மாதவாரியாக எண்ணிய பிறகே அது தெரிந்தது.

நினைவை நம்பக்கூடாது என்று புரிந்தவர்கள் அடுத்து எண்ணிக்கையிடம் போகிறார்கள். நானும் போனேன். நிரலில் யார் என்ன மாற்றினார் என்று காட்டும் `git log` எடுத்துப் பார்த்தால், அவர் பதிந்த மாற்றங்கள், அதாவது கமிட்டுகள், பக்கத்து மேசைக்காரருடையதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒருவர் பத்துச் சின்ன மாற்றங்களாகப் பிரித்துச் சேர்ப்பதை இன்னொருவர் ஒன்றாகத் திரட்டிச் சேர்ப்பார். எண்ணிக்கை அந்தப் பழக்கத்தைச் சொல்கிறதே தவிர வேலையின் கனத்தைச் சொல்வதில்லை. பிறருடைய நிரலைப் படித்து அவர் எழுதிய திருத்தக் குறிப்புகளும் அந்தப் பட்டியலில் வராது. அவற்றைத் தனியாகத் தேடிப் படித்தேன். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகக்கூடிய பிழையை இரண்டு இடங்களில் வெளியீட்டுக்கு முன்பே பிடித்திருந்தார். அரட்டைச் செயலியில் பச்சை விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்ப்பது இதைவிட மோசம். அதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது தவறை விரிவாகச் சொல்ல வேண்டும். "கலந்து பழக வேண்டும்" என்ற வரி, என் கண்ணில் அவர் படாததை அவருடைய குறையாக மாற்றி எழுதிய வரி. இந்த மாதிரி வரி எழுதினால் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதனால் எந்த வேலை, எந்தத் தேதியில், எத்தனை நாள் கெட்டது? பதில் இல்லையென்றால் வரியை அடித்துவிட வேண்டும். அவர் விஷயத்தில் ஒரு பதில் இருந்தது. நவம்பரில் வங்கியின் கோப்பு வடிவம் மாறியபோது பதினொரு நாள் தனியாக மல்லாடியிருக்கிறார். அந்த வங்கியோடு தினமும் பேசும் ஒருவர் சென்னையில் இருந்தார். இரண்டாம் நாளே கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இது உண்மையான குறை. பழைய வரியை எடுத்துவிட்டு, தேதியோடு இதை எழுதினேன். நேர்மையான பதிவு ஒருவரைக் காப்பாற்ற மட்டும் உதவுவதில்லை.

இது என் ஒருவனின் சறுக்கல் இல்லை. சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் நடந்த ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்த அழைப்பு மைய ஊழியர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் செயல்திறனைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம்.

மதிப்பீட்டை நன்றாக எழுதிவிட்டு அங்கேயே நிற்பதும் தவறுதான். மேலாளர்கள் கூடித் தரநிலையை இறுதி செய்யும் கூட்டத்தில், "அவரா? எனக்குத் தெரியாதே" என்று யாராவது சொன்னால் தரம் ஒரு படி இறங்கிவிடும். அந்த அறையில் அவருக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவருடைய மேலாளர். அழைப்புகளின் எண்ணிக்கை, நான்கு மணி நேரம் நாற்பது நிமிடமானது, பிடித்த இரண்டு பிழைகள், நவம்பர் தாமதம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போனேன். கேள்வி வந்தது. தாளை நீட்டினேன். தரம் இறங்கவில்லை.

இப்போது மாதக் கடைசி வெள்ளியன்று ஏழு பேருக்கும் ஆளுக்கு மூன்று வரி எழுதி வைக்கிறேன். தென்காசிக்காரரின் வரிகளை அவருக்கே அனுப்பி, விட்டுப்போனது உண்டா என்று கேட்கிறேன். முதல் மாதமே இரண்டு விஷயங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்.