சிறு மோட்டாருக்கு எடி கரண்ட் பிரேக் வைத்து லோடு டெஸ்ட்: செய்முறை விளக்கம்

கல்லூரி லேபில் சிறிய டிசி மோட்டாரின் எஃபிஷியன்சி கண்டுபிடிக்க வேண்டும். மோட்டாருக்குள் போகும் வாட்ஸை வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் சொல்லிவிடும். ஷாஃப்டில் வெளியே வருவதை அளக்கத்தான் பிரேக் தேவை. பெல்ட் பிரேக் தேயும், அதிரும், ரீடிங் ஒரு இடத்தில் நிற்காது. எடி கரண்ட் பிரேக்கில் எதுவும் எதோடும் உரசுவதில்லை என்பதால் லோடு வழுவழுப்பாக ஏறும். ஆனால் தட்டு சூடாவதைக் கவனிக்காவிட்டால் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும். அதனால் இந்தப் பதிவில் சூட்டுக்குத்தான் அதிக இடம்.

அமைப்பு

மோட்டார் ஷாஃப்டில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுகிறது. அதன் விளிம்பை ஒட்டி, இரு பக்கமும் மின்காந்தத்தின் துருவங்கள். காயிலில் டிசி கரண்ட் கொடுத்தால் சுற்றும் தட்டுக்குள் எடி கரண்ட், அதாவது சுழல் மின்னோட்டம், உண்டாகி, தட்டைப் பின்னுக்கு இழுக்கும். அதே அளவு விசை காந்தத்தைத் தட்டு சுற்றும் திசையில் தள்ளும். காந்தத்தைத் தரையோடு இறுக்கிவிடாமல், ஷாஃப்டின் அச்சிலேயே பேரிங்கில் ஆடும்படி ஒரு தொட்டிலில் வைத்து, அதிலிருந்து நீளும் கையின் நுனியை டிஜிட்டல் தராசின் மேல் நிற்க வைத்தால் அதுதான் டைனமோமீட்டர். தராசு காட்டும் விசையைக் கையின் நீளத்தால் பெருக்கினால் டார்க்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 24 வோல்ட், 60 வாட், சுமார் 1500 ஆர்பிஎம் ஓடும் நிரந்தரக் காந்த டிசி மோட்டார். தட்டு 180 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன். கை 150 மி.மீ. இந்த நீளத்தை ஷாஃப்டின் மையத்திலிருந்து தராசைத் தொடும் நுனி வரை அளக்க வேண்டும். நுனி கூராக இருந்தால்தான் எங்கே தொடுகிறது என்பது உறுதியாகத் தெரியும்.

படி 1: ஓட்டுவதற்கு முன்

கையைக் கிடைமட்டமாக வைத்து, நுனி தராசில் லேசாக அழுந்தும்படி ஒரு சிறு எடையை அதன் மேல் வைத்து, தராசை சுழியாக்குங்கள். இப்போது நுனிக்கு நேர் மேலே 200 கிராம் எடைக்கல்லை வையுங்கள். தராசு 200 காட்ட வேண்டும். கல்லை எடுத்ததும் சுழிக்குத் திரும்ப வேண்டும். சில கிராம் ஒட்டிக்கொண்டு நின்றால் தொட்டிலின் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, இல்லையென்றால் காயிலுக்குப் போகும் வயர் விறைப்பாக நின்று கையைத் தாங்குகிறது. பெரும்பாலும் வயர்தான் காரணம். அதைத் தளர்வான வளையமாகத் தொங்க விடுங்கள்.

அடுத்த சோதனையைப் பலரும் செய்வதே இல்லை. மோட்டாரை ஓட்டாமல் காயிலுக்கு மட்டும் முழு கரண்ட் கொடுங்கள். நிற்கிற தட்டில் சுழல் மின்னோட்டம் கிடையாது, ஆகவே டார்க்கும் கிடையாது. தராசு அசையவே கூடாது. அசைந்தால், காந்தப்புலம் தராசின் இரும்புப் பாகத்தையோ பக்கத்தில் உள்ள வேறு இரும்பையோ இழுக்கிறது. தராசைத் தள்ளி வைத்து மறுபடி பாருங்கள்.

படி 2: லோடு ஏற்றுதல்

தட்டுக்குப் பாதுகாப்பு வலை மாட்டியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். காயில் கரண்ட் சுழியில் இருக்க, மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுங்கள். எங்கள் உதாரண மோட்டார் இந்த நிலையில் 0.4 ஆம்பியர் எடுத்து 1675 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. காயில் கரண்ட்டை மெல்ல ஏற்றுங்கள். கை தராசை அழுத்தாமல் மேலே எழும்பினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. நிறுத்தி, மோட்டாரின் இரு வயர்களையும் மாற்றிக் கொடுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் வோல்ட், ஆம்பியர், ஆர்பிஎம், கிராம் ஆகிய நான்கையும் எடுக்க வேண்டும். முழு லோடில் இப்படி வருகிறது என்று வைப்போம்: 24 வோல்ட், 3.23 ஆம்பியர், 1515 ஆர்பிஎம், 260 கிராம்.

```
F = 0.260 × 9.81 = 2.55 N
T = 2.55 × 0.15 = 0.3825 N·m
Pout = 2π × 1515 × 0.3825 / 60 = 60.7 W
Pin = 24 × 3.23 = 77.5 W
η = 60.7 / 77.5 = 78 %
```

படி 3: தட்டின் சூடு

அந்த 60 வாட்டும் போய்ச் சேர்வது தட்டுக்குள்தான். இந்தத் தட்டின் எடை சுமார் 200 கிராம். காற்று குளிர்விப்பதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 டிகிரி சூடு ஏறும். 40 டிகிரி ஏறினால் அலுமினியத்தின் மின்தடை சுமார் 16 சதவீதம் கூடுகிறது. தடை கூடினால் சுழல் மின்னோட்டம் குறையும், பிரேக்கின் பிடி தளரும். நீங்கள் காயில் கரண்ட்டைத் தொடாமலேயே தராசு 260-லிருந்து 225 பக்கம் இறங்கும். ஆர்பிஎம் மெல்ல 1535-க்கு ஏறும், மோட்டார் கரண்ட் 2.85-க்கு இறங்கும்.

இப்படி நகர்வதால் மட்டும் தவறு வந்துவிடாது. 225 கிராம், 1535 ஆர்பிஎம், 2.85 ஆம்பியர் ஆகிய மூன்றையும் ஒரே நொடியில் எடுத்தால் எஃபிஷியன்சி அப்போதும் 78 சதவீதத்தை ஒட்டியே வரும், ஏனென்றால் அதுவும் மோட்டாரின் உண்மையான ஒரு நிலைதான். ஆனால் ஒருவர் முதலில் அம்மீட்டரைப் பார்த்து 3.23 என்று எழுதி, டேக்கோமீட்டரைத் தேடி எடுத்து, கடைசியில் தராசைப் பார்த்து 225 என்று எழுதினால் விடை 69 சதவீதமாகிவிடுகிறது. மீட்டர்களில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு நேரத்து கரண்ட்டும் வேறு நேரத்து டார்க்கும் கணக்கில் கலந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதற்கு எளிய வழி, எல்லா டிஸ்ப்ளேக்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் ஒரே ஃபோட்டோ எடுப்பது. எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபோட்டோ எடுத்ததும் காயில் கரண்ட்டைக் குறைத்து, தட்டு ஆறியதும் அடுத்த நிலைக்குப் போங்கள். ஆறியதா என்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்ப்பதானால், தட்டில் ஓரிடத்தில் மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்து அங்கே அளக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி வெப்பநிலையை மிகவும் குறைத்துக் காட்டும்.

சில எல்லைகள்

குறிப்பிட்ட ஒரு வேகம் வரைதான் வேகத்தோடு சேர்ந்து டார்க் ஏறும். அதற்கு மேல் இறங்கத் தொடங்கும். தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு சீக்கிரம் அந்த வேகம் வந்துவிடும். அந்தப் பக்கம் போய்விட்டால் சூடு ஏற ஏறப் பிடி கூடும். மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று அறிய, காயில் கரண்ட்டை மாற்றாமல் மோட்டார் வோல்டேஜைக் கொஞ்சம் குறையுங்கள். வேகத்தோடு தராசும் இறங்கினால் பாதுகாப்பான பக்கம்தான்.

காந்தம் மட்டும் ஆடுகிற தொட்டிலில், தட்டுக்கென்று தனி பேரிங் இருந்தால் அதன் உராய்வு தராசுக்கு வராது. 60 வாட் மோட்டாருக்கு அந்த ஓரிரண்டு வாட் கூட எஃபிஷியன்சியைக் குறைத்துக் காட்டும். அறிக்கையில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டிங் டார்க் அளக்க இந்த பிரேக் உதவாது, நிற்கிற ஷாஃப்டை இதனால் பிடிக்க முடியாது. அதற்கு பெல்ட் பிரேக்தான்.

முடிக்கும்போது முதலில் காயில் கரண்ட்டைச் சுழிக்குக் கொண்டு வாருங்கள். கரண்ட் ஓடும்போது காயில் வயரைப் பிடுங்கினால் பெரிய பொறி பறக்கும். லோடு இல்லாமல் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டால் தட்டு காற்றிலேயே ஆறிவிடும். அதன் பிறகு மோட்டார் சப்ளையை நிறுத்தலாம்.