வெடிப்புப் படத்தப் பாத்து "மண் இறங்கிட்டு" எண்டு சொல்ல முந்தி

இப்ப புதுசா சைட்டுக்கு வாற பொடியன்மார் எல்லாரும் வட்ஸ்அப்பில படத்தப் போட்டுத்தான் கேக்கிறாங்க, "அண்ணன், இது செட்டில்மென்டா?" எண்டு, அதாவது அத்திவாரம் இறங்கினதால வந்த வெடிப்பா எண்டு. படத்தப் பாத்தா சுவரில ஒரு சாண் இடம், அதுக்குள்ள ஒரு கோடு, அவ்வளவுதான். எங்க தொடங்குது, எங்க முடியுது, உள்பக்கமா வெளிப்பக்கமா, ஒண்டும் விளங்காது. நாங்களும் தொடக்கத்தில இப்படித் திரிஞ்ச ஆக்கள்தான், அதால ஏச மனம் வருகுதில்ல. ஆனா ஒரு பிழை மட்டும் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வருது, அத விரிவாச் சொல்றன், மத்ததெல்லாம் சுருக்கமா.

வெடிப்பின்ட அடியில தோண்டுறது

சுவரில சரிவா ஒரு வெடிப்பு. கீழ் நுனி ஒரு இடத்தில நிலத்துக்கிட்ட வந்து நிக்கும். உடனே அந்த நுனிக்கு நேர கீழதான் அத்திவாரம் இறங்கியிருக்கு எண்டு முடிவெடுத்து, அதிலயே கிடங்கு வெட்டி கொங்கிரீட் போடுவாங்க. இறங்கின இடம் அது இல்ல.

சம்மாந்துறைப் பக்கம் வயல் காணிய கிறவல் போட்டு நிரப்பிக் கட்டின ஒரு வீடு. குசினிப் பக்கச் சுவர் புளொக் கல்லு. வெளியில நிண்டு பாத்தா வெடிப்பு சுவரின்ட நடுவில நிலத்துக்குக் கொஞ்சம் மேல மயிர்க்கோடாத் தொடங்கி, கல்லுப் பொருத்து வழியே படிப்படியா வலப்பக்கமா ஏறி, வலது மூலைக்குக் கிட்ட கூரை மட்டத்துக்குப் போகுது. மேல அகலம் 6 மில்லிமீட்டர் வரும், கீழ ஏடிஎம் காட் விளிம்பும் போகாது, அது முக்கால் மில்லிமீட்டர்தான் தடிப்பு. மேசன் நடுவில, அந்த மயிர்க்கோடு தொடங்கிற இடத்தில தோண்டி, அத்திவாரத்துக்கு அடியில கொங்கிரீட் திணிச்சு, வெடிப்ப சீமெந்தால அடைச்சு, மேல பூசி, பெயின்டும் அடிச்சுக் குடுத்துட்டார். வீட்டுக்காரருக்கு நல்ல செலவு. மறுகா மார்கழி மழை வந்தது, அதே வழியில திரும்ப வெடிச்சது, முந்தினதவிட அகலமா.

படத்தில எல்லாம் எழுதியே கிடந்தது. சுவரின்ட ஒரு பகுதி கீழ இறங்கினா சுவர் சரிவா இழுபடும், இழுபடுற திசைக்குக் குறுக்கதான் வெடிக்கும். அதால படத்தில வெடிப்புக்கு செங்குத்தா ஒரு கோடு கீறிப் பாருங்க, அந்தக் கோடு கீழ்நோக்கி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கு. இங்க வெடிப்பு இடமிருந்து வலமா ஏறுது, அதுக்குக் குறுக்க கீறின கோடு வலது கீழ்ப்பக்கம் போகுது, அதாவது வலது மூலை. அகலமும் அதையேதான் சொல்லுது. நுனி மூலை இறங்கினா சுவர் வெளிப்பக்கமாக் கிறுகும், மேல அகலமா வாய் திறக்கும், கீழ மெலிஞ்சு போகும். சுவரின்ட நடு இறங்கியிருந்தா ரெண்டு பக்கத்தில இருந்தும் வெடிப்பு நடுவப் பாத்து ஏறும், கூரை முகடு மாதிரி, அப்ப கீழதான் அகலம் கூட. ரெண்டையும் சேத்துப் பாக்காம ஒண்டை வச்சு மட்டும் சொல்லாதீங்க.

மேசன் செய்த வேலையால என்ன நடந்தது எண்டா, இறங்காத நடுவ இன்னும் கெட்டியாக்கிட்டார், மூலை தன்ட பாட்டில இறங்கிக்கொண்டே இருந்தது, ரெண்டுக்கும் இடையில வித்தியாசம் கூடத்தானே செய்யும். நாங்க லெவல் டியூப் வச்சு ஒரே கல்லு வரிசைய ரெண்டு நுனியிலயும் பாத்தம், மூலை ஒரு சென்டிமீட்டர் தாழ்வு. காரணத்தத் தேட வேண்டியும் வரல்ல, கூரைப் பீலி அந்த மூலையில உடைஞ்சு தண்ணி நேர அத்திவாரத்தடியில கொட்டுது, அதுக்குப் பக்கத்திலயே சோக்கேஜ் குழி. நிரப்பின மண்ணு நனைஞ்சா இறுகி இறங்கும், மணல் எண்டா தண்ணியோட கழண்டும் போகும், நம்ம கரையோரத்தில ரெண்டும் நடக்கும்.

முதல்ல பீலியச் சரி பண்ணி தண்ணிய தூரக் கொண்டு போய் விட்டம். வெடிப்புக்குக் குறுக்க ரெண்டு இடத்தில பென்சிலால கோடு போட்டு, அகலத்தையும் திகதியையும் சுவரிலயே எழுதி, ஒரு மாரி முழுக்க விட்டுப் பாத்தம். கூடல்ல. மறுகாதான் பொருத்துகளக் கிண்டி வெடிப்புக்குக் குறுக்க கம்பி வச்சு கலவையால அடைச்சது. கூடிக்கொண்டே போயிருந்தா மூலைக்கு அடியில வேலை செய்ய வேண்டி வந்திருக்கும், அது எஞ்சினியர் பாத்துச் சொல்லிற வேலை, ஒரே மூச்சில முழுக்கத் தோண்டினா மூலையே இடிஞ்சு வந்துரும்.

இன்னொண்டு. உள்ள இருந்து எடுத்த படத்தில இடமும் வலமும் மாறிரும். ஒரு பொடியன் உள்பக்கப் படத்தப் பாத்துட்டு வெளிய போய் மத்த மூலையில தோண்ட நிண்டான், நல்லவேளை மண்வெட்டி தேடினதில கொஞ்சம் நேரம் போயிட்டு.

யன்னல் மூலையில இருந்து சரிவாப் போனா செட்டில்மென்ட் எண்டுறது

எல்லா நேரமும் இல்ல. யன்னல் மூலை சுவரில பலவீனமான இடம், கல்லு காஞ்சு சுருங்கினாலும் அங்கதான் முதல்ல வெடிக்கும். அச்சில இருந்து எடுத்து சரியாக் காய முந்தியே கல்ல விக்கிறாங்க, அத ஈரத்தோட கட்டினா வெயில் மாசத்தில சுவர் சுருங்கத்தான் செய்யும். சுருங்கினதால வாற வெடிப்பு மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே அகலம், கூடுதலா 1 மில்லிமீட்டருக்குள்ள, நீளமான சுவரெண்டா நடுவில நேர் செங்குத்தா வரும். நிலத்து ஈரம் சுவரில ஏறாமத் தடுக்கிற டிபிசி வரிசைக்குக் கீழ போகாது, ஏனெண்டா நிலத்துக்குள்ள ஈரத்தில இருக்கிற அத்திவாரம் சுருங்கல்ல. ஒரு வருசத்துக்குள்ள ஓய்ஞ்சிரும், அதுக்குப் பிறகு அடைச்சுப் பூசலாம். உள்ளயும் வெளியயும் ஒரே இடத்தில இருக்கா, வெடிப்பின்ட ஒரு பக்கம் மத்தப் பக்கத்தவிட முன்னுக்குத் தள்ளியிருக்கா எண்டும் பாருங்க, தள்ளியிருந்தா வெறும் சுருக்கம் எண்டு விடாதீங்க. வலை மாதிரி சின்னச் சின்னதாப் படர்ந்து கிடந்தா அது பூச்சு மட்டும்தான், சுண்டினா கல்லில இருந்து விட்டுப்போன இடம் பொள்ளலாச் சத்தம் போடும்.

வீட்டுக்குள்ள நிலம் வெடிச்சா அத்திவாரம் போயிட்டு எண்டு பயப்படுறது

சுவரோட ஒட்டி ஒரு கோடு, சுவரில ஒண்டும் இல்ல, நிலத்தத் தட்டினா பொள்ளல். நிரப்பு மண்ணு சரியா இடிக்கல்ல, அவ்வளவுதான். அத்திவாரம் தன்ட இடத்தில இருக்கு.

கிட்டப் படம் மட்டும் அனுப்புறது

முதல்ல முழுச் சுவரும் தெரியிற மாதிரி ஒண்டு, நிலத்தில இருந்து கூரை வரைக்கும். மறுகா மேல, நடுவில, கீழ ஒவ்வொண்டு, அடிமட்டத்தப் பக்கத்தில வச்சு. பிளாஷ் போட்டு நேர எடுத்தா மெல்லிய வெடிப்பு மறைஞ்சிரும், பக்கத்தில இருந்து டோர்ச் அடிச்சு எடுங்க.

பீம், தூண்

பீமின்ட நடுவில அடிப்பக்கம் மயிர்க்கோடு செங்குத்தா நிண்டா, 0.3 மில்லிமீட்டருக்குள்ள எண்டா, கொங்கிரீட்டுக்கு அது வழமைதான். பீம் தூணில இருக்கிற இடத்துக்குக் கிட்ட சரிவா வெடிச்சிருந்தா படம் எடுத்துக்கொண்டு நிக்காதீங்க, கீழ முட்டுக் குடுத்துட்டு எஞ்சினியரக் கூப்பிடுங்க.

தூணில நெடுகலும் கம்பி போற வழியே வெடிச்சு பழுப்புக் கறை வந்தா உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது, கடலோரம் உப்புக் காத்தும் கழுவாத கடல் மணலும் பட்ட வீடுகளில கூடுதலா வரும். அதுக்கு மேல பூசாதீங்க.