'L' போட்டு வந்த சர்க்கரை ரிப்போர்ட்

மூன்று வயது மகளின் வெறும்வயிற்றுச் சர்க்கரை 61, பக்கத்தில் 'குறைவு' என்று சொல்லும் 'L'. பார்த்ததும் பதறிவிட்டோம். வீட்டு குளுக்கோமீட்டர் 72, 66 என்று மாறிமாறிக் காட்டியது. அதில் 15 சதவீதம் வரை வித்தியாசம் சகஜமாம். இரவில் எழுப்பிப் பால் கொடுத்தும் தெளிவு பிறக்கவில்லை.

குழந்தை மருத்துவர் முதலில் பார்த்தது அச்சிட்டிருந்த வரம்பை. 70–100 என்பது பெரியவர்களுக்கானது. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு என்பதால், சின்னக் குழந்தைக்கு இரவு முழுக்கச் சாப்பிடாமலிருந்தால் அறுபதுகளில் இருப்பது இயல்பு. பிறந்த முதல் சில மணி நேரத்தில் இதைவிடவும் குறையும். சர்க்கரை நோய்க்கான எல்லை மட்டும் மாறாது: வெறும்வயிற்றில் 126-ஐத் தொட்டால் எந்த வயதிலும் சர்க்கரை நோய்ச் சந்தேகம்தான்.

அடுத்து அவர் காட்டியதை நாங்கள் கவனிக்கவே இல்லை. ரத்தம் எடுத்தது காலை 7:10, லேபில் பெற்றது 10:45. செல்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அந்தச் செல்களே குளுக்கோஸைத் தின்றுவிடும், மணிக்குச் சுமார் 5–7 சதவீதம். அதைத் தடுக்கும் சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயில் எடுத்து, உடனே சோதிக்கச் சொன்னார். 76 வந்தது.

வியர்வை, நடுக்கம், அசாதாரணத் தூக்கம் இருந்தால் மட்டும் எண் எதுவானாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.