துண்டறிக்கையின் ஒரு வரி, வீடியோவின் ஒரு காட்சி

சிறுவர்களுக்குச் சாலைப் பாதுகாப்பு வீடியோ எடுக்கும்போது, போக்குவரத்துக் காவல்துறையின் துண்டறிக்கையில் உள்ள பத்து விதிகளையும் ஒரே வீடியோவில் திணிக்காதீர்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு ஒரு விதி போதும். ‘நிற்கும் வாகனத்தின் முன்னால் சாலையைக் கடக்காதீர்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுக் குழந்தைக்கு ‘வாகனம்’ என்றால் தினமும் ஏறி இறங்கும் பஸ்தான். அதையே காட்சியாக்குங்கள்.

மாலை. கவிதா பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். எதிர்ப்பக்கம் பாட்டி கையசைக்கிறார். கவிதா பஸ்ஸின் முன்பக்கம் போகிறாள். இங்கே கேமராவை அவள் கண் உயரத்துக்கு இறக்குங்கள். வலப்பக்கம் முழுவதும் பஸ்ஸின் தகரம்தான் தெரியும். அதை முந்தி வரும் பைக்கின் ஒலி மட்டும் கேட்க வேண்டும். விதியின் காரணம் முழுவதும் இந்த ஒரு ஷாட்டில் இருக்கிறது. பெரியவர் உயரத்தில் எடுத்தால் அது புரியாது.

பாட்டி, “நில்லு கண்ணு, பஸ் போகட்டும்” என்கிறார். கவிதா ஓரத்துக்குத் திரும்புகிறாள். பஸ் போனதும் சாலை திறக்கிறது. வலம், இடம், மறுபடி வலம் பார்த்து, நடந்து கடக்கிறாள்.

மோதலைக் காட்ட வேண்டாம். சிறுவர்கள் அதிர்ச்சியைத்தான் நினைவில் வைப்பார்கள், செய்ய வேண்டியதை அல்ல. படப்பிடிப்பைப் பள்ளி மைதானத்தில் நிறுத்திய பஸ்ஸில் நடத்துங்கள். பைக் ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.